ராமநாதபுரம் கடற்கரையில் களப்பணி செய்யும் ஸ்காலர்களுக்கு: தீசிஸ் கால அட்டவணை போடும் முறை

கோர்ஸ் ஒர்க் முடிந்து, தலைப்பு உறுதியாகி, கமிட்டி முன்னால் பேசியும் ஆயிற்று, இனி களத்தில் இறங்கி எழுதி முடிக்க வேண்டியதுதான் என்ற இடத்தில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் போடும் அட்டவணை ஒரே மாதிரி இருக்கும்: ஆறு மாதம் களப்பணி, மூன்று மாதம் பகுப்பாய்வு, ஆறு மாதம் எழுத்து, கடைசியில் ஒரு மாதம் இதர வேலைகள். எக்செல்லில் வண்ணம் அடித்துக் காட்டினால் கமிட்டியும் கையெழுத்துப் போட்டுவிடும். ஆனால் நம் கடற்கரையில் களப்பணி செய்பவருக்கு இது மூன்று நான்கு மாதம்கூடத் தாங்காது.

காரணம், இங்கே தாமதம் எல்லா மாதத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை. மார்ச்சில் இரண்டு வாரம் வீணானால் இரண்டு வாரம்தான் போகும். செப்டம்பர் கடைசியில் இரண்டு வாரம் வீணானால், அக்டோபரில் மழை பிடித்துக்கொள்ளும், டிசம்பரில் கிறிஸ்துமஸ், ஜனவரியில் பொங்கல், எல்லாம் தாண்டி மறுபடி ஊருக்குள் உட்கார்ந்து பேச ஜனவரி கடைசி ஆகிவிடும். வீணானது இரண்டு வாரம், அதற்குக் கொடுக்கும் விலை நான்கு மாதம். அதனால் உபரி நாட்களை எத்தனை வைக்கிறோம் என்பதைவிட எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். கடைசியில் மொத்தமாக ஒரு மாதத்தைப் போட்டு வைப்பதால் செப்டம்பரில் எந்த உதவியும் கிடைக்காது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தென்கடல் பக்கம் மூன்று ஊர்களில் பாசி எடுக்கும் பெண்களின் வேலையையும் வருமானத்தையும் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவி. பல்கலைக்கழகம் காரைக்குடியிலோ மதுரையிலோ இருக்கிறது, காலையில் பஸ் ஏறினால் ஒரு நாள் போய்விடும். ஜூலையில் பதிவு செய்து இரண்டரை வருடம் முடிந்திருக்கிறது. 60 பேரிடம் விரிவான பேட்டி எடுக்க வேண்டும். ஜனவரியில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூலையில், அதாவது நான்கு வருடம் முடியும்போது, தீசிஸ் கொடுத்துவிட வேண்டும். கையில் இருப்பது பத்தொன்பது மாதம்.

முதலில் சுவர்களைக் குறியுங்கள்

அட்டவணையில் வேலைகளை எழுதுவதற்கு முன்னால், உங்களால் நகர்த்தவே முடியாத தேதிகளை எழுதுங்கள். வீட்டில் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும், அமாவாசை பௌர்ணமி எல்லாம் அதில் இருக்கிறது.

முதல் சுவர் வடகிழக்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எல்லா நாளும் மழை பெய்யாதுதான், ஆனால் எந்த நாள் பெய்யும் என்று தெரியாது, 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டிக் கொட்டியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் வாரத்தில் கடலோர வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள் என்று கேட்பது நியாயமும் இல்லை.

இரண்டாவது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்லை. பாசி எடுப்பதைப் பற்றிய ஆய்வுக்கு இது எதற்கு என்று தோன்றும். விசைப்படகில் கூலிக்குப் போகும் ஆண்கள் அந்த இரண்டு மாதமும் வீட்டில் இருப்பார்கள், பெண்கள் தனியாக உட்கார்ந்து வருமானத்தைப் பற்றியும் கடனைப் பற்றியும் மனம் விட்டுப் பேசுவது குறைந்துபோகும். வீட்டில் பணம் முடையாக இருக்கும் நேரம் வேறு. அதனால் தடைக்காலத்தில் பேட்டி எண்ணிக்கையைக் குறைத்துத்தான் போட வேண்டும்.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் சுவர்கள். யுஜிசியின் 2022 விதிகளின்படி ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். அந்தக் கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்பது நம் கையில் இல்லை. அப்புறம் விடைத்தாள் திருத்தும் நாட்கள். செமஸ்டர் தேர்வுகள் முடிந்த கையோடு கைடு அதற்குப் போய்விடுவார், அந்த வாரங்களில் அத்தியாயம் கொடுத்தால் மேசையில் அப்படியே கிடக்கும். கல்லூரிக்கு நாக் விசிட் வருகிறது என்றால் அந்த ஒரு மாதத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

நான்காவது, உதவித்தொகை நிற்கும் மாதம். விதிப்படி பதிவு செய்த நாளிலிருந்து அதிகபட்சம் ஆறு வருடம், மறுபதிவில் இன்னும் இரண்டு வருடம், பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருடம் கிடைக்கலாம். ஆனால் பணம் நிற்கும் மாதம்தான் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான கடைசி மாதம், அதைச் சிவப்பில் எழுதுங்கள். விதி கொடுக்கும் கூடுதல் வருடங்களும், மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் கிடைக்கும் 240 நாள் விடுப்பும் வாழ்க்கைக்காக இருப்பவை, அட்டவணையில் ஓட்டை அடைக்க அவற்றை எடுக்கக் கூடாது.

இவை போக சின்னச் சின்ன தேதிகள்: செப்டம்பர் 11-ஐயும் அக்டோபர் 30-ஐயும் ஒட்டி மாவட்டத்தில் வண்டி வாகனப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கும், ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, ஊர்க் கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ நடக்கும் வாரத்தில் பேட்டி எடுக்க முடியாது. ஊரில் ஒருவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை.

60 பேட்டிக்கு உண்மையில் எத்தனை மாதம்

இந்தக் கணக்கில்தான் அட்டவணைகள் தோற்றுப்போகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஒரு நாளைக்கு இரண்டு பேட்டி, அறுபதுக்கு முப்பது நாள், சரி, ஒரு மாதம் போதும், தாராளமாக இரண்டு மாதம் வைப்போம் என்று முதலில் தோன்றும். ஆனால் பாசி எடுக்கும் பெண்கள் எப்போது வீட்டில் இருக்கிறார்கள்? அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும், அப்போதுதான் கடலுக்குப் போவார்கள். மாதத்தில் சுமார் பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம், உங்கள் ஊரில் எத்தனை என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். விடிந்ததும் போய்த் திரும்பி வந்து, எடுத்ததைக் காயவைத்து, அப்புறம் சமையல், தண்ணீர், பிள்ளைகள். அந்தப் பன்னிரண்டு நாளில் பேட்டி வேண்டாம். மீதி பதினெட்டு நாளிலும் வேறு கூலி வேலை, குழுக் கடன் கூட்டம், ரேஷன் கடை, கல்யாணம், ஆஸ்பத்திரி இருக்கும். நீங்கள் போய் ஒரு ஆள் கிடைத்துப் பேசும் நாள் மாதத்துக்கு எட்டு என்று வைப்பதுதான் நேர்மையான கணக்கு. அந்த எட்டு நாளில் சில நாள் இரண்டு பேர் கிடைப்பார்கள், சில நாள் ஒருவர்தான். ஆக ஒரு நல்ல மாதத்தில் பன்னிரண்டு பேட்டி. அறுபதுக்கு ஐந்து நல்ல மாதம் வேண்டும்.

அடுத்தது பதிவைத் தட்டச்சு செய்வது. முக்கால் மணி நேரப் பேச்சு ஒவ்வொன்றும் என்றால் அறுபது பேட்டிக்கு 45 மணி நேரப் பதிவு. ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு, நிறுத்தி, திரும்பக் கேட்டு எழுத ஐந்து மணி நேரமாவது ஆகும், காற்றுச் சத்தமும் பக்கத்து வீட்டு டிவி சத்தமும் கலந்த பதிவு என்றால் அதற்கும் மேல். மொத்தம் 225 மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் காதும் கவனமும் ஒத்துழைக்காது. அப்படிப் பார்த்தால் 75 நாள். இதை எல்லாப் பேட்டியும் முடிந்த பிறகு செய்யலாம் என்று தள்ளிவைத்தால் மூன்று நான்கு மாதம் அதற்கே போய்விடும், அதுவும் யார் எதை எந்தக் குரலில் சொன்னார்கள் என்பது மறந்துபோன பிறகு.

ஆனால் இதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. மாதத்துக்குப் பன்னிரண்டு பேட்டி என்றால் ஒன்பது மணி நேரப் பதிவு, அதை எழுத 45 மணி நேரம், அதாவது பதினைந்து நாள். பெண்கள் கடலுக்குப் போகும் பன்னிரண்டு நாளும் நீங்கள் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் நாள், அதோடு இன்னும் மூன்று நாள் சேர்த்தால் அந்த மாதக் கணக்கு அந்த மாதத்திலேயே தீரும். கடல் வற்றும் வாரம் தட்டச்சு, மற்ற வாரம் ஊருக்குள் என்று வேலை தானாகப் பிரிந்துவிடும். ஆய்வு வேறு எதைப் பற்றியது என்றாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்: நான் சந்திக்க வேண்டிய ஆள் கிடைக்காத நாள் எது, அந்த நாளில் செய்ய வேறு எந்த வேலை இருக்கிறது?

மாதத்துக்கு ஒரு மைல்கல்

மைல்கல் என்று எழுதுவது கையில் எடுத்து மேசைமேல் வைக்கக்கூடிய பொருளாக இருக்க வேண்டும். முன் ஆய்வுகளைப் படித்தல் என்று எழுதினால் அது முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. முன் ஆய்வு அத்தியாயம் 25 பக்கம் கைடுக்கு அனுப்பியாயிற்று என்றால் தெரியும். நம் மாணவியின் அட்டவணை இப்படி வரும்.

ஜனவரி: கேள்வித்தாள், அறநெறிக் குழு விண்ணப்பம், ஊர்த் தலைவர்களிடம் பேசிச் சம்மதம், மாதிரிப் பேட்டி நான்கு (இவை 60-இல் சேராது).

பிப்ரவரி: மாதிரிப் பேட்டியைப் பார்த்துக் கேள்வித்தாள் திருத்தம், ஆய்வு முறை அத்தியாயத்தின் முதல் வரைவு. பாதி மாதம் உபரி.

மார்ச்: 12 பேட்டி, தட்டச்சோடு. ஏப்ரல்: 9. மே: 6, முன் ஆய்வு அத்தியாயம் 25 பக்கம். ஜூன்: 9. ஜூலை: 12. ஆகஸ்ட்: 12. மொத்தம் 60.

செப்டம்பர்: முழு மாதமும் உபரி.

அக்டோபர்: பேட்டிகளைப் படித்து வகைப்படுத்திய பட்டியல். நவம்பர்: முதல் கண்டறிதல் அத்தியாயம். டிசம்பர்: இரண்டாவது அத்தியாயத்தில் பாதி. மீதி உபரி.

ஜனவரி: இரண்டாவது அத்தியாயம் முழுதாக. பிப்ரவரி: முன்னுரை, முடிவுரை, 28-ஆம் தேதி முழு வரைவு கைடு கையில். மார்ச்: கைடு வாசிக்கும் மாதம். ஏப்ரல்: திருத்தம், கமிட்டி முன்னால் பேச்சு, சினாப்சிஸ்.

மே பாதியிலிருந்து ஜூன் முடிய: உபரி. ஜூலை: தீசிஸ் ஒப்படைப்பு.

இதில் பிப்ரவரி பாதி மாதம் ஏன் உபரி என்றால், அறநெறிக் குழு மாதாமாதம் கூடுவதில்லை, கூடினாலும் சம்மதப் படிவத்தை எளிய தமிழில் மாற்றி எழுதி வாருங்கள் என்று திருப்பி அனுப்புவது சகஜம். இதில் இன்னொரு முடிவும் ஒளிந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. தீவுக்குப் போய்ப் பாசி எடுக்கும் இடத்தையே பார்த்து எழுத வேண்டும் என்றால் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும், அந்தக் கோப்பு சென்னை வரை போய்த் திரும்ப வேண்டும். இந்த மாணவியின் ஆய்வுக் கேள்வி வருமானத்தைப் பற்றியது, தீவுக்குப் போகாமலேயே பதில் கிடைக்கும். அதனால் கரையில் மட்டும் பேட்டி என்று ஜனவரியிலேயே முடிவு செய்துவிட்டாள். உங்கள் ஆய்வு பவளப்பாறையையோ கடற்புல்லையோ பற்றியது என்றால் அப்படித் தப்பிக்க முடியாது. அப்போது அனுமதி விண்ணப்பம்தான் அட்டவணையின் முதல் வரி, அனுமதி வரும்வரை செய்யும் வேலைகளை மட்டும் தேதியோடு எழுதுங்கள், மற்றதையெல்லாம் அனுமதி கிடைத்த பிறகு முதல் மாதம், இரண்டாம் மாதம் என்று எழுதுங்கள்.

செப்டம்பர் முழு மாதமும் காலியாக இருப்பதைப் பார்த்தால் கமிட்டியில் யாராவது கேட்பார்கள். மழைக்கு முன்னால் களம் முடிய வேண்டும், அதற்கான உபரி இது என்று நேராகவே சொல்லுங்கள். கடலோர ஆய்வு தெரிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆகஸ்டிலேயே அறுபதும் முடிந்தால் செப்டம்பரில் பகுப்பாய்வைத் தொடங்குங்கள், அவ்வளவுதான்.

உபரி எல்லாம் சேர்த்துக் கூட்டினால் பிப்ரவரியில் அரை, செப்டம்பரில் ஒன்று, டிசம்பரில் அரை, கடைசியில் ஒன்றரை. பத்தொன்பது மாதத்தில் மூன்றரை மாதம். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. களப்பணி உள்ள ஆய்வுக்கு இதைவிடக் குறைத்து வைக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு உபரிக்கும் பெயர் எழுதி வையுங்கள், அறநெறிக் குழு உபரி, மழைக்கு முந்தைய உபரி, பண்டிகை உபரி, கைடு வாசிப்பு உபரி என்று. பெயர் இல்லாத உபரியை முதல் மாதத்து அலட்சியமே தின்றுவிடும்.

வெட்டும் தேதி

இதுவும் அட்டவணையில் ஒரு வரியாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது ஜூலை 31.

அன்றைக்குத் திட்டப்படி 48 பேட்டி முடிந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் 12, செப்டம்பர் உபரியையும் பயன்படுத்தினால் இன்னொரு 12, ஆக மழைக்கு முன்னால் கிடைக்கக்கூடியது 24. அப்படியானால் ஜூலை 31-இல் 36 பேட்டிக்குக் குறைவாக இருந்தால் 60 என்பது இந்த வருடம் நடக்காது. அன்றே கைடிடம் பேசி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், அல்லது மூன்று ஊரை இரண்டாக்க வேண்டும். அடுத்த மாதம் இருபது எடுத்து ஈடுகட்டிவிடுகிறேன் என்று சொல்வதில் பயனில்லை, மாதத்துக்குப் பன்னிரண்டு என்பதே நல்ல மாதத்தின் கணக்கு.

குறைப்பதா, எப்படிக் குறைப்பது என்பதற்கும் ஒரு அடிப்படை வேண்டும். கடைசியாக எடுத்த பத்துப் பேட்டியை எடுத்துப் பாருங்கள். அவற்றில் முன்னால் யாரும் சொல்லாத புதுச் செய்தி எதுவும் இல்லை என்றால் 45-இல் நிறுத்துவதை ஆய்வு முறை அத்தியாயத்திலேயே காரணத்தோடு எழுதலாம். மூன்றாவது ஊரில் மட்டும் ஒவ்வொரு பேட்டியிலும் புதிதாக ஏதோ வருகிறது என்றால் அந்த ஊரை விடக் கூடாது, முதல் இரண்டு ஊரில் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். இந்த முடிவைத் தனியாக எடுக்காதீர்கள், கமிட்டி ஒப்புக்கொண்ட எண்ணிக்கை மாறுகிறது என்பதால் கைடின் ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதைச் சொல்லவும் வேண்டும்.

ஜூலை வரை காத்திருக்காமல் தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. மாதக் கடைசியில் இரண்டு எண்ணை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எடுத்த பேட்டி எத்தனை, அதில் தட்டச்சு முடிந்தது எத்தனை. இரண்டுக்கும் இடையில் வித்தியாசம் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் களப்பணி நன்றாக நடப்பது போலத் தெரியும், ஆனால் அக்டோபரில் உட்கார்ந்து பார்க்கும்போது வகைப்படுத்த எழுத்தில் எதுவும் இருக்காது. வித்தியாசம் பத்தைத் தாண்டினால் அந்த மாதம் புதுப் பேட்டியை நிறுத்திவிட்டு எழுதி முடியுங்கள்.

கைடோடு சந்திப்பு

அவர் வரச்சொல்லும்போது போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஜனவரியிலேயே மாதத்தில் ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். இந்த மாணவிக்கு வசதியான நாள் கடல் வற்றும் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை, அன்றைக்கு எப்படியும் ஊரில் யாரும் பேசக் கிடைக்க மாட்டார்கள், பஸ்ஸில் போகும் நாள் வீணாகாது.

முதல் சந்திப்பில் நான்கு விஷயம் கேளுங்கள், தயங்க வேண்டாம், மரியாதையாகக் கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. "சார், ஒரு அத்தியாயம் கொடுத்தால் நீங்கள் பார்த்துத் தர எத்தனை வாரம் ஆகும்? இந்த ஒன்றரை வருடத்தில் நீங்கள் ஊரில் இல்லாத மாதம் எது? என்னோடு வேறு யாரெல்லாம் தீசிஸ் கொடுக்கிறார்கள்? பிரிண்ட் எடுத்துக் கொடுக்கட்டுமா, ஃபைலாக அனுப்பட்டுமா?" மூன்றாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே கைடிடம் மூன்று பேர் அதே மார்ச்சில் முழு வரைவைக் கொடுத்தால் மூன்றாவது ஆளின் வரைவு மே மாதம்தான் வாசிக்கப்படும். அது தெரிந்தால் சீனியர்களோடு பேசி, யார் முதலில் கொடுப்பது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அவர் இரண்டு வாரம் என்று சொன்னால் அட்டவணையில் மூன்று வாரம் என்று எழுதுங்கள், வாசித்துக் கொடுத்த பிறகு திருத்த ஒரு வாரம். ஆக ஒரு அத்தியாயம் என்பது உங்கள் பக்கம் எழுதி முடிந்ததும் இன்னும் ஒரு மாதம். நவம்பர் கடைசியில் கொடுக்கும் அத்தியாயம் டிசம்பர் கடைசியில்தான் திரும்பும், அதற்காகக் காத்திருக்காமல் அடுத்ததை எழுத வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரியும். எல்லா அத்தியாயத்தையும் எழுதி மொத்தமாகக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்வது ஆபத்து. முதல் அத்தியாயத்தில் அவர் சொல்லும் ஒரு அடிப்படை மாற்றம் மற்ற எல்லாவற்றையும் தொடும்.

ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு நாள் முன்னால் ஒரு பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பு அனுப்புங்கள்: போன மாத மைல்கல் என்ன ஆயிற்று, எது தடைப்பட்டிருக்கிறது, அவர் முடிவு சொல்ல வேண்டிய கேள்வி எது. சந்திப்பு முடிந்து திரும்பும் பஸ்ஸிலேயே ஒரு மெயில் போட்டுவிடுங்கள். இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் மேடம். இன்று பேசியபடி, மூன்றாவது ஊரில் 20-க்குப் பதில் 15 பேட்டி எடுக்கிறேன். முன் ஆய்வு அத்தியாயத்தை மே 20-க்குள் அனுப்புகிறேன், நீங்கள் ஜூன் 10-க்குள் பார்த்துத் தருவதாகச் சொன்னீர்கள். அடுத்த சந்திப்பு ஜூன் மாதம், தேதியை மே கடைசியில் கேட்டுக்கொள்கிறேன். ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள் மேடம்."

இது கைடைக் கட்டிப்போடுவதற்கு இல்லை. அவருக்கு வகுப்பு, தேர்வு, மற்ற ஸ்காலர்கள் என்று எத்தனையோ, போன மாதம் என்ன சொன்னோம் என்பது இருவருக்குமே மறக்கும். ஆறு மாதம் கழித்து கமிட்டி முன்னேற்ற அறிக்கை கேட்கும்போது இந்த மெயில்களை வரிசையாக எடுத்தாலே பாதி அறிக்கை தயார்.

சந்திப்பு ரத்தானால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவையுங்கள். அதே வாரத்தில் போனில் பதினைந்து நிமிடம் போதும். இரண்டு மாதம் தொடர்ந்து சந்திப்பு நடக்கவில்லை என்றால் மூன்றாவது மாதத்துக்காகக் காத்திருக்காமல் நேரில் போய்ப் பாருங்கள், கையில் எழுதிய பக்கம் ஏதாவது கொண்டுபோங்கள், பத்துப் பக்கமாக இருந்தாலும் சரி. வெறுங்கையோடு போக வெட்கப்பட்டுத்தான் பலர் சந்திப்பைத் தள்ளிப்போடுகிறார்கள், அதில்தான் தாமதம் வளர்கிறது.

கடைசி ஐந்து மாதம்

மார்ச்சில் கைடு முழு வரைவை வாசிக்கும்போது நீங்கள் சும்மா இருக்கும் மாதம் என்று நினைக்காதீர்கள். அட்டவணைகள், வரைபடம், மேற்கோள் பட்டியல், பின்னிணைப்பு எல்லாம் இந்த மாதத்தில்தான். பல்கலைக்கழகத்தின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, சினாப்சிஸ் கொடுத்து எத்தனை நாளில் தீசிஸ் கொடுக்கலாம், எத்தனை நாளுக்குள் கொடுத்தே ஆக வேண்டும், கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டுமா என்று பாருங்கள். யுஜிசியின் 2022 விதிகளில் கட்டுரை கட்டாயம் இல்லை என்றாலும் பல்கலைக்கழகங்கள் தனியாகக் கேட்கலாம். கேட்கிறார்கள் என்றால் கட்டுரையை அனுப்பும் வேலை டிசம்பருக்கு முன்னால் வர வேண்டும், ஏனென்றால் பத்திரிகை பதில் சொல்லும் காலம் முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது.

பிளேஜியரிசம் செக்கைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை பத்து சதவீதத்துக்குள் இருந்தால் சிக்கல் இல்லை, அதற்கு மேல் போனால் திருத்திக் கொடுக்க வேண்டியிருக்கும். முன் ஆய்வு அத்தியாயத்திலும் ஆய்வு முறை அத்தியாயத்திலும்தான் இது ஏறும். ஏப்ரலில் ஒரு முறை பார்த்துவிட்டால் மே மாதத்தில் நிதானமாக மாற்றி எழுத நேரம் இருக்கும். மே மாதம் கைடு விடைத்தாள் திருத்தப் போகும் மாதம், அவர் இல்லாமலே செய்யக்கூடிய வேலை இதுபோன்றவைதான்.

ஜூன் உபரி மிச்சமிருந்தால் மொழி திருத்தத்துக்கு ஒருவரிடம் கொடுங்கள், பேட்டியில் பெண்கள் சொன்ன வார்த்தைகளைத் திருத்த வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டு. ஜூலையில் பிரிண்டும் பைண்டிங்கும் ஒரு வாரம், கையெழுத்துகளுக்கு ஒரு வாரம். கைடு, துறைத் தலைவர், நூலகம், ஹாஸ்டல், கணக்குப் பிரிவு என்று நோ டியூஸ் படிவத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஆள் சீட்டில் இருக்க வேண்டும். நூலகப் புத்தகங்களை ஜூன் மாதமே திருப்பிக் கொடுங்கள், படிவத்தை ஜூலை முதல் வாரமே வாங்கி வையுங்கள். ஆடி அமாவாசை எந்தத் தேதி என்று மட்டும் பார்த்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.